ரம்மிலும் லிக்யூரிலும் சேர்க்கப்படும் சர்க்கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரம் கரும்பிலிருந்துதானே வருகிறது? அப்படியானால் அதில் சர்க்கரை இயல்பாகவே இருக்காதா?

இருக்காது. கரும்புச்சாறோ, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகோ முதலில் ஈஸ்ட்டால் நொதிக்க வைக்கப்படுகிறது. அப்போதே சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுகிறது. நொதிக்காமல் எஞ்சிய சிறு பகுதியும் அடுத்த கட்டமான வாலைவடித்தலில் கொப்பரையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியசை ஒட்டி ஆவியாகிறது. சர்க்கரை ஆவியாவதே இல்லை, அதிகச் சூட்டில் கருகத்தான் செய்யும். ஆகவே வாலையின் குழாய் வழியே சொட்டும் புதிய ரம், நிறமற்றதாகவும் சர்க்கரை அறவே இல்லாததாகவும் இருக்கிறது. ஜின், வோட்கா, விஸ்கி ஆகியவற்றுக்கும் இதே கதைதான். கரும்பின் இனிப்பு ரம்முக்குள் வந்து சேர்கிறது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால்தான், இனிக்கும் ரம்மைக் குடிப்பவர் அதில் யாரோ சர்க்கரை கலந்திருக்கக்கூடும் என்று ஐயப்படுவதே இல்லை.

பல ஆண்டுகள் பீப்பாயில் ஊறும்போது இனிப்பு ஏறும் என்கிறார்களே?

மணத்தில் ஏறுகிறது, நாக்கில் மிகக் குறைவாகவே ஏறுகிறது. பீப்பாய் செய்யும்போது ஓக் பலகையைத் தீயில் வாட்டுகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் நார்ப்பொருள்களில் ஒரு பகுதி சிதைந்து சிறிதளவு சர்க்கரைகளாகிறது; வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலினும் அதே மரத்திலிருந்தே கிடைக்கிறது. ஆனால் இப்படி ரம்முக்குள் கரையும் சர்க்கரை பொதுவாக லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழேதான் இருக்கும். முன்பு இனிப்பு வைன் வைத்திருந்த பீப்பாயாக இருந்தால் சற்றே கூடலாம். இருபது வருடம் ஊறினாலும் மரத்திலிருந்து லிட்டருக்கு இருபது கிராம் சர்க்கரை வந்துவிடாது. உண்மையில், நெடுங்காலம் ஊறிய ரம்மில் மரத்தின் துவர்ப்பும் கூடுவதால் அது இன்னும் வறண்டதாகவே நாவில் படும். வனிலா, கேரமல், உலர்திராட்சை ஆகியவற்றின் மணம் மூக்கில் வந்து, நாக்கில் இனிப்பே இல்லாமல் போவதுதான் கலப்பில்லாத பழைய ரம்மின் இயல்பு.

அப்படியென்றால் சர்க்கரையைச் சேர்ப்பது யார், எதற்காக?

வடித்தவரும் சேர்க்கலாம், வாங்கிக் கலந்து பாட்டிலில் அடைப்பவரும் சேர்க்கலாம். பெரும்பாலும் ஊறல் முடிந்தபின், ஆல்கஹால் அளவைக் குறைக்கத் தண்ணீர் சேர்க்கும் கட்டத்தில் சர்க்கரைப் பாகாக அது உள்ளே போகிறது. பிரான்சில் கோன்யாக் பிராந்திக்குக் கடைசியில் சிறிது பாகு சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். அங்கே அதற்கு விதியிலேயே இடமுண்டு. 'டோசாஜ்' என்ற பெயரில் அந்த வழக்கத்தை ரம்முக்குக் கொண்டுவந்த பிரெஞ்சு நிறுவனம் ஃபெராண்ட், 2024இல் பெயர் மாற்றும்வரை 'பிளான்டேஷன்' என்றும் இப்போது 'பிளான்டரே' என்றும் தான் விற்கும் ரம்களில் எவ்வளவு சர்க்கரை சேர்த்தது என்பதைத் தானே வெளியிடுகிறது. இதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர் பார்படோஸ் தீவின் ஃபோர்ஸ்கொயர் வாலையை நடத்தும் ரிச்சர்ட் சீல். வடித்து, ஊறவைத்து, கலப்பதோடு ரம் முடிந்துவிட வேண்டும், அதற்குமேல் எதையும் சேர்க்கக் கூடாது என்று பல ஆண்டுகளாக வெளிப்படையாக வாதிட்டு வருபவர்.

இரு பக்கத்தையும் நான் சமமாக நிறுத்த மாட்டேன். அளவைச் சொல்லிவிட்டுச் சேர்ப்பவரிடம் எனக்குப் பெரிய வருத்தமில்லை, ஏனெனில் வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. இளம் ரம்மின் காரத்தை அமுக்கி, ஊறலில் வர வேண்டிய மென்மையைப் பாகினால் வரவழைத்து, அதைப் பழமையின் மென்மை என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அதுதான் ஏமாற்று. பீப்பாயில் பத்தாண்டு காத்திருந்தவருடைய உழைப்பும் முதலீடும் இதனால் மதிப்பிழக்கின்றன.

சட்டம் இதை அனுமதிக்கிறதா? லேபிளில் போட வேண்டிய கட்டாயம் இல்லையா?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தெளிவான எண்ணோடு பேசுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/787 என்ற ஒழுங்குமுறை. 2021 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, 'ரம்' என்ற பெயரில் விற்கும் பானத்தில் சுவையைச் செம்மைப்படுத்துவதற்காக லிட்டருக்கு 20 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் ரம் என்ற பெயரைப் பயன்படுத்த முடியாது. அதே ஒழுங்குமுறையில் விஸ்கிக்கு இனிப்பூட்ட அனுமதியே கிடையாது. பழம், மூலிகை போன்றவற்றின் மணம் சேர்த்த இனிப்பு மதுவான லிக்யூர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருந்தாக வேண்டும்.

இந்த 20க்கும் 100க்கும் நடுவில் இருப்பவை என்னவாகும் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். அவை ரம்மும் இல்லை, லிக்யூரும் இல்லை. 'ஸ்பிரிட் டிரிங்க்' என்ற பொதுப்பெயரில் விற்கப்பட வேண்டும். மசாலா அல்லது வேறு நறுமணம் சேர்த்தவையும் சர்க்கரையின் அளவு எதுவானாலும் வெறும் ரம் என்ற பெயரைப் பெற முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் டான் பாப்பா நிறுவனம் ஐரோப்பாவில் 'பரோக்கோ' என்ற பெயரில் விற்கும் பாட்டிலில் இந்த மாற்றுப்பெயரைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் தீங்கற்ற நிறம், சுவை, கலப்புப் பொருள்களைக் கன அளவில் 2.5 சதவீதம் வரை சேர்த்தும் ரம் என்றே விற்கலாம். இந்தியக் கடைகளில் கிடைக்கும் பாட்டில்களில் ஆல்கஹால் சதவீதமும் எச்சரிக்கை வாசகமும் இருக்கும். சர்க்கரை இத்தனை கிராம் என்ற வரியை எதிர்பார்க்க முடியாது. ஐரோப்பாவிலும் ரம் போன்ற வடித்த மதுவகைகளுக்கு மூலப்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. வரம்பு இருக்கிறது, அறிவிக்க வேண்டிய கடமை இல்லை என்பதே நிலைமை.

லேபிளைப் படித்தே ஓரளவு ஊகிக்க வழியுண்டா?

உண்டு, ஆனால் ஊகமாக மட்டுமே. முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் சட்டப்பெயரைப் பாருங்கள். 'ரம்' என்று மட்டும் இருந்தால், ஐரோப்பாவுக்காக அச்சிட்ட பாட்டிலில், சர்க்கரை 20 கிராமைத் தாண்டாது. 'ஸ்பிரிட் டிரிங்க்', 'ரம் அடிப்படையிலான பானம்' போன்ற சொற்கள் இருந்தால் சர்க்கரையோ நறுமணமோ இரண்டுமோ சேர்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். பெரிய எண் ஒன்று இருந்தும் 'ஆண்டு' என்ற சொல் பக்கத்தில் இல்லையென்றால் அந்த எண்ணை வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லேபிளைவிட நல்ல வழி, வேறொருவர் அளந்து வைத்திருப்பதைப் பார்ப்பது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் கடுமையான மதுவகைகளை அரசு நிறுவனங்களே சில்லறையில் விற்கின்றன. ஸ்வீடனின் சிஸ்டம்போலாகெட், பின்லாந்தின் ஆல்கோ ஆகிய இரண்டும் தங்கள் இணையப் பட்டியலில் சர்க்கரையின் அளவைக் குறிப்பிடுகின்றன. உலகெங்கும் விற்கும் பெரிய பெயர்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு சந்தைகளுக்கு வெவ்வேறு கலவை போகக்கூடும் என்பதால், உங்கள் கையிலிருக்கும் பாட்டிலுக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். ஆல்கஹால் அளக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்று, அது மிதக்குமளவு உயரமான கண்ணாடி உருளை ஒன்று, ஒரு டிகிரி துல்லியமுள்ள வெப்பமானி ஒன்று ஆகியவை போதும்.

இந்தக் கருவி ஆல்கஹாலை நேரடியாக அளப்பதில்லை. அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ஆல்கஹால் கூடக்கூடக் கருவி ஆழமாக அமிழும், குறையக்குறைய மேலே எழும். உள்ளே இருப்பது ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டுமே என்ற நம்பிக்கையில்தான் அதன் அளவுகோல் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரை கரைந்தால் திரவம் கனத்துவிடும். உப்புநீரில் முட்டை மேலே எழுவதைப் போலக் கருவியும் எழுந்து, உண்மையான ஆல்கஹாலைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். லேபிளில் அச்சிட்ட சதவீதமோ, ஆய்வகத்தில் ரம்மை மறுபடி வடித்து, சர்க்கரையைப் பிரித்தபின் அளந்தது. எனவே லேபிளின் எண்ணுக்கும் கருவியின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியே கரைந்திருக்கும் பொருளின் அளவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 40 சதவீத ரம்மில், ஒவ்வொரு ஒரு சதவீத இடைவெளிக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை என்று கொள்ளலாம்.

ஒரு உதாரணத்தோடு படிப்படியாகச் சொல்ல முடியுமா?

40 சதவீதம் என்று லேபிள் போட்ட ஒரு ரம்மை எடுத்துக்கொள்வோம். உருளையில் கருவி அடி தட்டாமல் மிதக்கும் அளவுக்கு ரம்மை ஊற்ற வேண்டும். சிறிய கருவிக்கு 100 மில்லி போதும். உருளையைச் சாய்த்துப் பக்கவாட்டில் மெதுவாக ஊற்றினால் குமிழ் குறையும். கருவியின் மீது ஒட்டும் ஒவ்வொரு குமிழும் அதை மேலே தூக்கி, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். எனவே இறக்கியபின் கருவியை ஒருமுறை சுழற்றிவிட்டு, ஆடாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, தண்டை ஒட்டி மேலேறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, உண்மையான மட்டத்தில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும்.

கருவி 39 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சதவீதம்தான் குறைகிறது, ஆகவே இது கிட்டத்தட்டச் சர்க்கரையில்லாத ரம் என்று முடிவுகட்டத் தோன்றும். இங்கேதான் நம் ஊர்களில் பலரும் தவறிப்போகிறார்கள். கருவியின் தண்டிலேயே '20 டிகிரி செல்சியஸ்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். சில கருவிகளில் 15 அல்லது 15.6 என்றும் இருக்கும். அந்த வெப்பநிலையில் மட்டுமே அளவுகோல் சரி. சூடு ஏறினால் திரவம் விரிந்து லேசாகிவிடும், கருவி ஆழமாக அமிழ்ந்து கூடுதலான எண்ணைக் காட்டும். 40 சதவீதத்தை ஒட்டிய பானத்தில் ஒரு டிகிரிக்கு 0.4 அளவில் இந்த மாற்றம் வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ அறையின் வெப்பம் 30 டிகிரி என்றால், பத்து டிகிரிக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதாவது சர்க்கரையே இல்லாத 40 சதவீத ரம் அந்த அறையில் 44 காட்டியிருக்க வேண்டும். நம் ரம் 39தான் காட்டியது. 20 டிகிரிக்குத் திருத்தினால் அதன் அளவு 35. லேபிளிலிருந்து இடைவெளி 5, ஆகவே சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம். ஐரோப்பிய வரம்பின் உச்சியில் நிற்கும் ஒரு ரம், நம் ஊர் வெயிலில், ஏறக்குறையச் சர்க்கரையில்லாத ரம்மாக வேடம் போட்டுவிட்டது.

கணக்கால் திருத்துவதைவிட, பாட்டிலைச் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உருளையில் ஊற்றியபின் மெல்ல 20 டிகிரிக்கு ஏறும்வரை காத்திருந்து படிப்பதே நம்பகமானது. இந்தியாவில் வடிக்கும் ரம்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு ஒப்பிட வேண்டிய எண் 42.8தான், பழக்கத்தில் 40 என்று எடுத்துக்கொண்டால் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை கணக்கில் காணாமல் போகும்.

எவ்வளவு இடைவெளி வந்தால் சர்க்கரை என்று உறுதியாகச் சொல்லலாம்?

ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே என்றால் எதுவும் சொல்லாமல் இருப்பதே முறை. லேபிள் எண்ணிலேயே சட்டம் சிறிய ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் அது 0.3 சதவீதம். பீப்பாயிலிருந்து கரைந்த மரச்சத்தும், நிறத்துக்காகச் சேர்க்கும் கேரமலும் தம் பங்குக்குச் சிறிது அடர்த்தியைக் கூட்டும். விலை குறைந்த கருவியின் பிழையும் சேரும். இவையெல்லாம் ஒரே திசையில் கூடினால் ஒரு சதவீத இடைவெளி சர்க்கரையின்றியே வந்துவிடலாம். இரண்டுக்கு மேல் போனால் ஐயம் வலுக்கிறது. மூன்றுக்கு மேல் என்றால், கருவியையும் வெப்பநிலையையும் மறுபடி சரிபார்த்தபின், ஏதோ சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். கருவியைச் சரிபார்க்க, நறுமணம் சேர்க்காத சாதாரண வோட்காவை அதே வெப்பநிலையில் அளந்து பாருங்கள். அது லேபிள் எண்ணை ஒட்டிக் காட்டினால் கருவி நல்லது.

கருவி எதுவும் இல்லையென்றால்?

ஒரு தேக்கரண்டி ரம்மைத் தட்டையான பீங்கான் தட்டில் ஊற்றி, அடுப்பும் விளக்கும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் ஓரிரவு விட்டுவிடுங்கள். சூடேற்றி வற்றவைக்க முயல வேண்டாம். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். காலையில், சர்க்கரையில்லாத ரம் இருந்த இடத்தில் மெல்லிய பழுப்புக் கறையும் மரத்தின் மணமும் எஞ்சியிருக்கும், விரலால் தொட்டால் ஏறக்குறைய உலர்ந்திருக்கும். சர்க்கரை சேர்த்த ரம் பளபளக்கும் பிசுக்காக நிற்கும், விரல் ஒட்டும். லிட்டருக்கு 20 கிராம் உள்ள ரம்மின் ஒரு தேக்கரண்டியில் 0.1 கிராம் சர்க்கரை இருக்கிறது. கண்ணுக்கும் விரலுக்கும் அது போதும். பக்கத்திலேயே சர்க்கரையில்லாத ஒரு பானத்தையும் ஊற்றி வைத்தால்தான் ஒப்பிட முடியும். அவசரமென்றால் சில துளிகளை உள்ளங்கையில் தேய்த்து உலரவிட்டு, இரு கைகளையும் சேர்த்துப் பிரித்துப் பார்க்கலாம்.

கோப்பையின் உட்சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்து முடிவு செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கோடுகள் ஆல்கஹால் ஆவியாவதாலேயே உருவாகின்றன. சர்க்கரையே இல்லாத கடுமையான ரம்மிலும் அழகாக வழியும்.

சர்க்கரை சேர்த்தால் சுவையில் உண்மையில் என்னதான் மாறுகிறது? நன்றாகத்தானே இருக்கிறது?

முதல் மிடறு நன்றாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். அதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. ஆனால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட நீங்களே செய்து பார்ப்பது மேல். சர்க்கரை சேர்க்காதது என்று நீங்கள் அளந்து உறுதிசெய்த ரம்மை இரண்டு கோப்பைகளில் தலா 50 மில்லி ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கிராம் வெள்ளைச் சர்க்கரையை, அதாவது கால் தேக்கரண்டி அளவை, முழுதும் கரையும்வரை கலக்குங்கள். சர்க்கரை ஆல்கஹாலில் மெதுவாகத்தான் கரையும் என்பதால் பொறுமை வேண்டும். இப்போது அந்தக் கோப்பையில் இருப்பது லிட்டருக்கு 20 கிராம் கணக்கு. இரண்டையும் சிறு மிடறுகளாக மாற்றி மாற்றிச் சுவையுங்கள்.

மூக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனெனில் சர்க்கரைக்கு மணமில்லை. நாக்கில் வைத்ததும், சர்க்கரை சேர்த்த ரம்மில் காரம் பின்வாங்கியிருப்பதை உணர்வீர்கள். ஆல்கஹாலின் எரிச்சலும், மரத்தின் துவர்ப்பும், நொதித்தலில் உண்டான புளிப்பும் ஒருசேரத் தணிந்து, திரவம் சற்றுக் கனத்து, வாய் முழுதும் வழுவழுப்பாகப் படியும். அது முதல் கட்டம். அடுத்த கட்டத்தில் இழப்பு தொடங்குகிறது. சர்க்கரையில்லாத கோப்பையில் நடுநாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த சுவைகள், இனிப்புக் கோப்பையில் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே கேரமல் சுவையாகக் குழைந்துவிடும். விழுங்கியபின் நிகழ்வதுதான் மிகத் தெளிவான அடையாளம். நல்ல பழைய ரம்மில் கடைசியில் மரமும் மசாலாவும் உலர்ந்து நீண்டு நின்று மறையும். சர்க்கரை சேர்த்ததில் இனிப்பு மட்டும் உதட்டிலும் பல்லிலும் தங்கிவிட, மற்றவை சீக்கிரமே அடங்கிவிடும்.

பிறகு இரண்டு கோப்பையிலும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள். கலப்பில்லாத ரம் பொதுவாக விரிந்து, அதுவரை காரத்தில் மறைந்திருந்த மணங்களை வெளியே விடும். சர்க்கரை சேர்த்தது பெரும்பாலும் இனித்த தண்ணீர்போல் தளர்ந்துவிடும். ஜமைக்காவின் வாலைகளில் வடியும், பழுத்த வாழைப்பழமும் அன்னாசியும் மணக்கும் எஸ்டர் என்ற மணப்பொருள்கள் மிகுந்த ரம்மை எடுத்து இதே சோதனையைச் செய்தால் வேறுபாடு இன்னும் துலங்கும், ஏனெனில் அமுங்குவதற்கு அங்கே நிறைய இருக்கிறது. தீவுக்குத் தீவு, வாலைக்கு வாலை மாறும் குணம்தான் ரம்மின் செல்வம். போதிய அளவு பாகு சேர்ந்தால் எந்த ஊர் ரம்மும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. இதில்தான் எனக்கு உண்மையான ஆதங்கம்.

லிட்டருக்கு ஐந்து கிராமைப் பலரால் இனிப்பாக அடையாளம் காண முடியாது; சற்று உருண்டையான சுவையாக மட்டுமே அது தோன்றும். பத்தைத் தாண்டினால், பழகிய நாக்கு கண்டுகொள்ளும். முப்பது, நாற்பது என்று போனால் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காக்டெயிலில் கலக்கும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

அதிகம் கவலைப்பட வேண்டாம். டாய்க்கிரி என்ற கியூபக் கலவைக்கு ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லிக்குச் சற்று மேல், சம அளவில் கரைத்த சர்க்கரைப் பாகு 15 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பாகிலேயே 9 கிராம் சர்க்கரை இருக்கிறது. லிட்டருக்கு 20 கிராம் உள்ள ரம்மிலிருந்து வருவது 1.2 கிராம் மட்டுமே, அதாவது 2 மில்லி பாகுக்குச் சமம். அந்த அளவைக் குறைத்து ஊற்றினால் சரியாகிவிடும். ஆனால் அமுங்கிப்போன மணத்தைப் பாகைக் குறைப்பதால் மீட்க முடியாது.

லிக்யூரிலும் இதே ஹைட்ரோமீட்டர் வேலை செய்யுமா? அதிலும் சர்க்கரையை மறைக்கிறார்களா?

லிக்யூரில் மறைக்க ஒன்றுமில்லை. சர்க்கரை அதன் இலக்கணத்திலேயே அடங்கியது. 'க்ரெம் த' என்று பெயர் தொடங்கினால் ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 250 கிராம். பிளாக்கரன்ட் என்ற பழத்தில் செய்யும் 'க்ரெம் த காஸி' என்றால் 400 கிராம். அங்கே சர்க்கரை பழத்தின் புளிப்பையும் மூலிகையின் கசப்பையும் தாங்கி நிறுத்தும் தூண். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய், கிச்சிலிக் கசப்பு, மூலிகை வேர் ஆகியவை மிகுந்த லிக்யூரில் இருநூறு கிராமுக்கு மேல் இருந்தும் நாக்கு அதை அத்தனை இனிப்பாக உணராதது இதனால்தான்.

ஆல்கஹால் ஹைட்ரோமீட்டர் இங்கே பயன்படாது. 25 சதவீத ஆல்கஹாலும் லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரையும் உள்ள லிக்யூரின் அடர்த்தி ஏறத்தாழ 1.06, தண்ணீரைவிடக் கனம். ஆல்கஹால் அளவுகோலின் பூஜ்யத்துக்கும் கீழே கருவி எழுந்து நின்றுவிடும். வைன் செய்பவர்கள் வைத்திருக்கும், 1.000க்கு மேல் அளக்கும் ஹைட்ரோமீட்டர் வேண்டும். பால் கிரீம் கலந்த லிக்யூரில் கொழுப்பும் புரதமும் குறுக்கிடுவதால் எந்த ஹைட்ரோமீட்டராலும் சர்க்கரையைச் சொல்ல முடியாது.

சர்க்கரை நோய் இருப்பவர் சர்க்கரை சேர்க்காத ரம்மைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

போதாது. லிட்டருக்கு 20 கிராம் உள்ள ரம்மின் 60 மில்லியில் உள்ள சர்க்கரை 1.2 கிராம், ஏறத்தாழ 5 கலோரி. அதே 60 மில்லியில் உள்ள ஆல்கஹாலிலிருந்து வருவது 130 கலோரிக்குக் குறையாது. மேலும், ஆல்கஹால் கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுவதைத் தடுப்பதால், இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். இதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். லிக்யூரின் கணக்கு வேறு: 250 கிராம் வகையில் 60 மில்லி குடித்தால் 15 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது.

ஹைட்ரோமீட்டரையும் ஏமாற்றக்கூடியது ஏதாவது உண்டா?

இரண்டு வகையில் உண்டு. கிளிசரினைச் சேர்த்தால் அடர்த்தி கூடும், வாயில் வழுவழுப்பும் சிறு இனிப்பும் வரும். கருவி அதைச் சர்க்கரை என்றே காட்டும். ஆகவே நாம் அளப்பது கரைந்திருக்கும் பொருள்களின் மொத்தத்தை மட்டுமே. அதில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும். மறுபக்கத்தில், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்புகளும் வனிலின் போன்ற நறுமணப் பொருள்களும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலேயே வேலையை முடித்துவிடும். அந்த எடை கருவியைத் துளியும் அசைக்காது. லேபிளும் கருவியும் ஒரே எண்ணைச் சொல்லியும், விழுங்கிய பின்னர் நெடுநேரம் உதட்டில் இனிப்பு நிற்கிறது, மூக்கில் மரமே இல்லாமல் வனிலா மட்டும் ஓங்குகிறது என்றால், அந்த ரம்மைச் சர்க்கரை சேர்க்காதது என்று சொல்லலாமே ஒழிய, எதுவும் சேர்க்காதது என்று சொல்வதற்கில்லை.